ஐந்து நிமிட பிராஜெக்ட் வீடியோ: சொதப்பலான ஸ்கிரிப்டைத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி பிராஜெக்ட் வீடியோவுக்கு என் பிள்ளை எழுதின ஸ்கிரிப்ட் நாலு பக்கம் இருக்கு. படிச்சா என்ன சொல்ல வர்றான்னே புரியலை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். இந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வரி எது என்று மட்டும் தேடுங்கள். பாடப்புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்கிற வரிகளை எல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது அதுதான். பெரும்பாலும் அது நடுப்பக்கத்தில், ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தலைப்பு மழைநீர் சேகரிப்பு. ஸ்கிரிப்டில் முதலில் வணக்கம், அடுத்து ஒரு குறள். பிறகு பூமியின் மேற்பரப்பில் 71 சதவீதம் நீர், நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது, மழைநீர் சேகரிப்பின் வகைகள், நன்மைகள் பத்து. மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி:

> மேலும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து வரும் இரண்டு குழாய்களின் கீழும் டிரம் வைத்து மழைநீர் சேகரிக்கப்பட்டு அளவிடப்பட்டது. கிணற்றுப் பக்கக் குழாயில் 150 லிட்டரும் தெருப் பக்கக் குழாயில் 330 லிட்டரும் கிடைத்தது. இவ்வாறு மழைநீர் சேகரிப்பு மிகவும் பயனுள்ளதாக உள்ளது.

அடுத்த வரியிலேயே மறுபடி நன்மைகளுக்குத் தாவிவிடுகிறது. ஆனால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது, இருந்தும் தண்ணீரில் பெரும்பங்கு தெருவுக்குப் போகிறது. அந்தப் பெண் கண்டுபிடித்தது இதைத்தான். அவள் எழுதிய முடிவோ இதற்கு நேர் எதிர். அளந்தது ஒன்று, எழுதியது எல்லோரும் எழுதுகிற இன்னொன்று.

இந்த இடத்தில் திருத்த ஆரம்பிக்காமல் பிள்ளையை உட்காரவைத்துக் கேளுங்கள். “தெருப் பக்கக் குழாய்த் தண்ணி எங்கம்மா போகுது?” “சாக்கடைக்குத்தான்.” “அப்ப உங்க வீட்டுல சேகரிப்பு நடக்குதா இல்லையா?” “நடக்குது... ஆனா பாதிகூட நடக்கலை.” இந்தக் கடைசிப் பதில்தான் வீடியோ. போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயில் வந்த சொற்கள் பின்னால் தேவைப்படும்.

ஐந்து நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை?

தமிழில் 450 சொற்களுக்குள் நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130, 150 சொல் என்று சொல்லும் கணக்கை அப்படியே கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘சேகரித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல், வாயில் அது நான்கு சொல்லின் நேரம் எடுக்கும். பிள்ளைகள் தெளிவாக, மூச்சு விட்டுப் பேசினால் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும்.

எண்களிலும் கவனம் வேண்டும். ‘2003’ தாளில் ஒரு சொல், சொல்லும்போது ‘இரண்டாயிரத்து மூன்று’. ‘10 மி.மீ.’ என்பதும் அப்படித்தான். ஸ்கிரிப்டில் எண்களை எழுத்திலேயே எழுதிவிட்டால் சொல் கணக்கும் சரியாக வரும், கேமரா முன் பிள்ளை திணறவும் மாட்டாள். ஆனாலும் கடைசிக் கணக்கு கடிகாரத்துடையது. ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நேரம் பாருங்கள்.

எளிமையான அமைப்பு என்றால் என்ன அமைப்பு? முன்னுரை, பொருளுரை, முடிவுரைதானா?

அது கட்டுரைக்கு. வீடியோவுக்கு நான் பரிந்துரைப்பது ஐந்து துண்டு: கேள்வி, அந்தக் கேள்வி புரிய வேண்டிய பின்னணி, என்ன செய்தோம், என்ன கண்டோம், ஏன் அப்படி. மழைநீர் ஸ்கிரிப்டில் நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்.

| நேரம் | துண்டு | சொல் |
|---|---|---|
| 0:00–0:30 | கேள்வி | 45 |
| 0:30–1:15 | பின்னணி | 70 |
| 1:15–2:45 | செய்தது | 130 |
| 2:45–4:00 | கண்டது | 110 |
| 4:00–5:00 | காரணமும் வரம்பும் | 85 |

செய்ததற்கும் கண்டதற்கும் மட்டும் இரண்டே முக்கால் நிமிடம், அதாவது பாதிக்கும் மேல். பலவீனமான ஸ்கிரிப்டில் இது தலைகீழாக இருக்கும். பழைய நாலு பக்கத்தில் மாணவி தானே செய்தது மூன்று வரி, மற்றதெல்லாம் பின்னணி.

பின்னணியில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். ஒரே சோதனை போதும்: இந்த வரி இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அடுத்த துண்டு புரியாமல் போகுமா? 71 சதவீதம் நீர் என்பது இல்லாவிட்டாலும் டிரம் கணக்கு புரியும், எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது என்பது இருக்கட்டும். அந்த வீட்டில் குழாயும் குழியும் ஏன் இருக்கின்றன என்று அது சொல்கிறது. மாடிக் குழாய் வடிகட்டும் தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது என்ற விளக்கமும் வேண்டும். வகைகளும் பத்து நன்மைகளும் வேண்டாம். அழகாக எழுதியிருந்தாலும் வேண்டாம்.

வணக்கம், பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சொல்லாமல் ஆரம்பித்தால் மிஸ் மார்க் குறைக்க மாட்டாரா?

சொல்லட்டும், ஆனால் இரண்டாவதாகச் சொல்லட்டும். முதல் வரியில் கேள்வி, பிறகு பெயர். பள்ளியும் வகுப்பும் பிரிவும் திரையில் எழுத்தாக நாலு நொடி வந்தால் போதும்.

பழைய தொடக்கம் இப்படி இருந்தது:

> அனைவருக்கும் என் இனிய காலை வணக்கம். இன்று நான் உங்கள் முன் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு மழைநீர் சேகரிப்பு என்பதாகும். நீர் மனித வாழ்வின் இன்றியமையாத தேவையாகும்.

‘இனிய காலை’ என்பதைப் பாருங்கள். ஆசிரியர் இந்த வீடியோவை ராத்திரி பத்து மணிக்கும் பார்க்கலாம். திருத்திய தொடக்கம்:

> எங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. ஆனால் மாடியில் விழுகிற மழையில் எவ்வளவு கிணற்றுக்குப் போகிறது? இது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, வீட்டைக் கட்டிய மேஸ்திரிக்கும் தெரியாது. அதனால் இரண்டு குழாய்களுக்கும் கீழே டிரம் வைத்து அளந்து பார்த்தேன். வணக்கம், நான் எட்டாம் வகுப்பு மாணவி.

கடைசி வரியில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது நொடிக்குள் அடங்கிவிடும். ‘மேஸ்திரி’ அவளே பேச்சில் சொன்ன சொல், அதனால் விட்டுவைத்தது.

எழுத்துத் தமிழில் பேசினால் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. பேச்சுத் தமிழில் பேசலாமா?

பள்ளி அனுமதித்தால் தாராளமாகப் பேசலாம். பல பள்ளிகளில் தமிழ் ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அப்படியானால் எழுத்துத் தமிழின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் பேச்சின் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பிக்கிற ஓசை வருவது எழுத்துத் தமிழால் அல்ல. மூச்சு முட்டும் நீளமும், ஆளில்லாத வினைகளும்தான் காரணம்.

அளவெடுத்த பத்தியை மறுபடி பாருங்கள். ‘சேகரிக்கப்பட்டு அளவிடப்பட்டது.’ யார் சேகரித்தது? யார் அளந்தது? பிராஜெக்ட் என்றாலே ‘படுகிறது, பட்டது’ என்று எழுத வேண்டும் என்ற பழக்கம் நம் பாடப்புத்தகங்களில் இருந்து வருகிறது. அதை ‘அளந்தேன்’ என்று மாற்றினால் ஒரு சொல் மிச்சமாகும், மழையில் நின்ற பிள்ளையும் கண்முன் வந்துவிடுவாள். அப்புறம் ‘ஆகும்’, ‘என்பதாகும்’, ‘மேலும்’, ‘இவ்வாறு’. இவற்றை ஒரு பேனா நிறத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், பக்கம் முழுக்க வட்டமாக இருக்கும். பத்தில் ஒன்பதை அடித்துவிட்டாலும் பொருள் மாறாது.

‘செய்தது’ துண்டின் ஒரு பகுதி, திருத்திய பின்:

> மழை எவ்வளவு பெய்தது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு எவர்சில்வர் டப்பாவை மாடியின் நடுவில் வைத்தேன். டப்பாவின் பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். வாளி மாதிரி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கணக்கு தப்பாகிவிடும். மழை நின்றதும் உள்ளே ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு சென்டிமீட்டர். அதாவது பத்து மில்லிமீட்டர் மழை.

டப்பாவும் ஸ்கேலும் பழைய ஸ்கிரிப்டில் இல்லவே இல்லை. மழை எவ்வளவு என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டபோதுதான் சொன்னாள். பிள்ளைகள் இதையெல்லாம் ‘சும்மா செய்தது’ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று ஒவ்வொரு எண்ணுக்கும் கேளுங்கள்.

ஸ்கிரிப்டில் இருக்கிற எண்கள் சரியா என்று நான் பார்க்கணுமா? நான் அறிவியல் படித்தவன் இல்லை.

பாருங்கள், பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த வீட்டின் மாடி 600 சதுர அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு 560 லிட்டர் விழுந்திருக்க வேண்டும். இரண்டு குழாயிலும் சேர்த்துப் பிடித்தது 150 கூட்டல் 330, மொத்தம் 480.

80 லிட்டர் குறைகிறது. பயப்பட ஒன்றுமில்லை. காய்ந்த தளம் முதலில் கொஞ்சம் உறிஞ்சும், பள்ளங்களில் தேங்கும், டிரம்முக்கு வெளியே தெறிக்கும். விழுந்ததில் ஏறக்குறைய 86 சதவீதம் கைக்கு வந்திருக்கிறது, கான்கிரீட் மாடிக்கு இது நம்பக்கூடிய அளவு. மாறாக 600 லிட்டர் பிடித்ததாக எழுதியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டப்பா மரத்தடியில் இருந்திருக்கும், அல்லது பக்கத்துக் கூரைத் தண்ணீரும் சேர்ந்து விழுந்திருக்கும்.

எதைத் திருத்தினாலும் எண்ணைத் திருத்தாதீர்கள். குறைந்த 80 லிட்டரை மறைக்க 480-ஐ 550 ஆக்குவது வீட்டில் நடக்கிற காரியம்தான். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைதான் முழிக்கும். அந்த 80 எங்கே போனது என்று இருபது நொடி பேசினால், வீடியோவிலேயே நல்ல இடம் அதுவாக அமையும்.

இத்தனை எண்ணும் ஐந்து நிமிஷத்தில் யாருக்கு நிற்கும்?

நிற்காது. 600, 56, 560, 480, 150, 330, 86 எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு வேண்டியவை. வாயால் சொல்ல வேண்டியவை இரண்டுதான்: கிணற்றுக்கு 150, தெருவுக்கு 330. மற்றவை திரையில் எழுத்தாக வந்து போகட்டும்.

இன்னும் நல்லது, எண்ணைச் சொல்வதற்கு முன் டிரம்மைக் காட்டுவது. கிணற்றுப் பக்கம் 200 லிட்டர் டிரம் ஒன்று, அதுவும் முக்கால் அளவுதான். தெருப் பக்கம் அதே டிரம் இரண்டு, ஒன்று நிரம்பி வழிய மாற்றி வைத்த இரண்டாவதும் பாதிக்கு மேல். இந்த ஒரு காட்சியைப் பார்த்தவருக்குக் கணக்கே வேண்டாம். அதன் மேல் ‘மூன்று பங்கில் இரண்டு பங்கு தெருவுக்குப் போய்விட்டது’ என்ற வரி விழுந்தால் போதும்.

படம் பிடிப்பதற்கு ஸ்கிரிப்டில் தனியாக எதாவது எழுதணுமா?

ஒரு தாளை நடுவில் கோடு போட்டு மடியுங்கள். இடப்பக்கம் பேசுவது, வலப்பக்கம் அந்த நேரத்தில் திரையில் தெரிவது. வலப்பக்கத்தில் எழுத ஒன்றும் வரவில்லை என்றால் இடப்பக்க வரி காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். ‘நீர் மனித வாழ்வின் இன்றியமையாத தேவையாகும்’ என்ற வரிக்கு எதைக் காட்டுவீர்கள்? கூகுளில் எடுத்த அருவிப் படம்தான்.

மழை நாளில் படம் எடுக்காமல் விட்டுவிட்டால், டிரம்மில் தண்ணீர் இருந்த அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு இப்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘அன்றைக்கு இந்தக் கோடு வரை இருந்தது’ என்று சொல்லிவிட வேண்டும். குழாயைத் திறந்து நிரப்பி, மழைத் தண்ணீர் என்று காட்டக் கூடாது. போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். குரலைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஸ்லைடு போட்டே ஆக வேண்டும் என்றால், பேசுகிற வரியையே அதில் எழுதாதீர்கள். பார்ப்பவர் படிப்பாரே தவிர கேட்க மாட்டார்.

படித்துப் பார்த்தால் ஆறரை நிமிஷம் வருது. கொஞ்சம் வேகமாகப் படிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். வேகமாகப் படித்தால் முதலில் போவது எண்களும் சொற்களின் கடைசி எழுத்துகளும்தான். எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டுவதும் அதே கதை.

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல் சுரண்டி எடுக்கிற வேலையும் பலிக்காது. இருபது நொடிதான் மிச்சமாகும், மொழியும் முடமாகிவிடும். முழுத் துண்டாக எடுங்கள். மழைநீர் ஸ்கிரிப்டில் ஆறரை நிமிடம் வந்தபோது மீதி இருந்த கொழுப்பு, வடிகட்டும் தொட்டியில் ஜல்லி, மணல், கரி எந்த வரிசையில் போடுவது என்ற ஒன்றரை நிமிட விளக்கம். சரியான தகவல்தான், படமும் அழகாக வரைந்திருந்தாள். ஆனால் கேள்வி தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது என்பது. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு பிராஜெக்ட். படத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வீடியோவில் இருந்து எடுத்துவிடலாம். வெட்ட மனம் வராத பகுதி எது என்று பிள்ளையிடமே கேட்டால், பல நேரம் வெட்ட வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும்.

முடிவில் ‘நீரைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம்’ மாதிரி ஒரு வரி வேண்டாமா?

வேண்டாம். கடைசி ஒரு நிமிடத்துக்கு அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது.

முதலில் காரணம். தெருப் பக்கம் ஏன் அதிகம் போனது? மாடித் தளத்தின் வாட்டம் அந்தப் பக்கம். ஒரு சொம்புத் தண்ணீரை மாடி நடுவில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டினால் பத்து நொடியில் நிரூபணம் ஆகிவிடும். அடுத்து, என்ன செய்யலாம். தளத்தை இடிக்க வேண்டியதில்லை, தெருப் பக்கக் குழாயையும் ஒரு இணைப்புக் குழாய் போட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் போதும். அப்புறம் வரம்பு. அதைப் பிள்ளைகள் சொல்லத் தயங்குவார்கள், மார்க் போய்விடும் என்று. இப்படி எழுதிக் கொடுத்தால் தயங்காமல் சொல்வார்கள்:

> நான் அளந்தது ஒரு வீடு, ஒரு மழை. பலமான மழையில் தண்ணீர் வேறு மாதிரி பிரியலாம். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று சொல்ல முடியும்.

இதோடு நிறுத்தலாம். ‘நன்றி’ மட்டும்.

இவ்வளவும் நான் மாற்றினால் அது என் பிராஜெக்ட் ஆகிவிடாதா?

ஆகிவிடும், நீங்கள் வாக்கியம் எழுதினால். நீங்கள் கேள்வி கேட்டு, பிள்ளை வாயால் சொன்னதை எழுதி, வரிசையை மாற்றி, தேவையில்லாததை அடித்தால் ஆகாது. சந்தேகம் வந்தால் தாளைப் பிடுங்கிக்கொண்டு அந்தத் துண்டைச் சொல்லச் சொல்லுங்கள். சொந்தமாகத் தெரிந்ததை வேறு சொற்களில் சொல்லிவிடுவாள். நீங்கள் எழுதிய வரி வந்ததும் நின்றுவிடுவாள், அல்லது உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்த வரியை அவளிடமே திருப்பிக் கொடுத்து, அவள் சொல்கிறபடி மாற்றி எழுதுங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்று பேர் குழு. ஆளுக்கு ஒரு பத்தி என்று பிரித்துக்கொண்டார்கள். சரிதானே?

பத்தியாகப் பிரிக்காமல் துண்டாகப் பிரியுங்கள். கேள்வியும் பின்னணியும் ஒருவர், செய்தது ஒருவர், கண்டதும் காரணமும் ஒருவர். யார் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ அவர்களே ‘செய்தது’ பகுதியைப் பேசட்டும். ‘இப்போது என் தோழி அடுத்த பகுதியை விளக்குவார்’ என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். ஆள் மாறுவது திரையிலேயே தெரியும்.

முடித்த பிறகு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பிராஜெக்ட் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், பாட்டியோ பக்கத்து வீட்டு அண்ணனோ, ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘என்ன கண்டுபிடிச்சிருக்கா?’ என்று கேளுங்கள். ‘மழைத் தண்ணியைச் சேமிக்கணும்னு சொல்றா’ என்று பதில் வந்தால் ‘கண்டது’ துண்டு இன்னும் புதைந்து கிடக்கிறது, பின்னணியை மறுபடி குறையுங்கள். ‘அவங்க வீட்டுத் தண்ணி முக்காவாசி ரோட்டுக்குப் போகுதாமே’ என்று வந்தால் போதும். மூன்றில் இரண்டு என்பது முக்கால்வாசி ஆனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண் கேட்கிறவர் மனதில் நிற்கவில்லை என்றால் திரையில் இன்னும் இரண்டு நொடி அதிகமாக விட்டு வையுங்கள்.